சப்ளை தாமதமானால் எவ்வளவு பிடிக்கலாம்? எல்.டி. ஷரத்தும் அபராத ஷரத்தும்

பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: “தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் 1 சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம் பிடித்தம் செய்யப்படும்.” பெரும்பாலும் அது பழைய ஆர்டரிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய வரி. சரக்கு நேரத்துக்கு வந்துகொண்டிருக்கும்வரை யாரும் அதைப் படிக்கமாட்டார்கள். ஒருநாள் சரக்கு தாமதமாகிறது, வாங்கியவர் பில்லில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார், சப்ளையர் முழுத் தொகையையும் கேட்டு வழக்குப் போடுகிறார். அப்போதுதான் அந்த 1 சதவீதம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வருகிறது.

அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அது எல்.டி. ஆக நிற்கும், அல்லது அபராதமாக விழும். எல்.டி. என்று கொள்முதல் பிரிவில் சொல்வது முன்கூட்டியே பேசி முடிவு செய்த இழப்பீட்டை. சப்ளையர் சொன்ன தேதியில் தராவிட்டால் எனக்கு ஏறக்குறைய இவ்வளவு நஷ்டம் வரும், அதை ஒவ்வொரு முறையும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டாம், இப்போதே ஒரு தொகையை ஒப்புக்கொள்வோம் என்பது அதன் பொருள். அபராத ஷரத்து வேறு. அதில் உள்ள தொகைக்கும் நஷ்டத்துக்கும் தொடர்பு இருக்காது. ஒப்பந்தத்தை மீற முடியாதபடி சப்ளையரை மிரட்டி வைப்பதுதான் அதன் வேலை.

ஷரத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதை வைத்து மட்டும் நீதிமன்றம் முடிவு செய்யாது. “இது அபராதம் அல்ல, நஷ்டத்தின் உண்மையான மதிப்பீடு” என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தால் வாதத்துக்குக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். அந்த வரி இருந்தும் விழுந்த ஷரத்துகள் உண்டு, “பெனால்டி” என்று பெயர் வைத்தும் நின்றவை உண்டு.

இந்தக் கட்டுரை தாமத ஷரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சப்ளை ஒப்பந்தங்களில் அதிகம் சண்டை வருவது அதில்தான்.

முதலில், எந்தச் சட்டம் என்று பாருங்கள்

ஒப்பந்தத்தில் “இன்ன நாட்டுச் சட்டம் பொருந்தும்” என்று ஒரு ஷரத்து இருக்கும். எல்.டி. ஷரத்தை எழுத உட்காரும் முன் அதைப் படித்துவிடுங்கள், ஏனென்றால் ஒரே வரிக்கு இரண்டு நாடுகளில் இரண்டு விதி.

இங்கிலாந்து வழியில் பதில் ஆம் அல்லது இல்லை. ஷரத்து நின்றால் எழுதிய தொகை முழுவதும் கிடைக்கும். அபராதம் என்று முடிவானால் ஷரத்து செல்லாது. வாங்கியவர் சாதாரண முறையில் தன் உண்மையான நஷ்டத்தை நிரூபித்து வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்கான சோதனையை 1914-ல் டன்லப் டயர் நிறுவனத்தின் வழக்கில், அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வகுத்தது. பட்டியல் விலைக்குக் கீழே விற்கும் ஒவ்வொரு டயருக்கும் 5 பவுண்டு தரவேண்டும் என்பது அந்த ஒப்பந்தம். நஷ்டத்தைத் துல்லியமாகக் கணக்கிட முடியாது என்பதாலேயே அது அபராதமாகிவிடாது என்று சொல்லி, அந்தத் தொகையைச் சபை ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தம் போட்ட நாளில் நின்று பார்க்கும்போது, வரக்கூடிய மிகப் பெரிய நஷ்டத்தோடு ஒப்பிட்டாலும் தொகை எல்லை மீறியதாக இருக்கிறதா என்பதே கேள்வி.

நூறு வருடம் கழித்து, 2015-ல், கேவண்டிஷ் எதிர் மக்டெஸ்ஸி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதைத் தளர்த்தியது. நஷ்ட மதிப்பீட்டோடு நிற்காமல், ஒப்பந்தம் நிறைவேறுவதில் வாங்குபவருக்கு நியாயமான வணிக அக்கறை என்ன என்று பார்க்க வேண்டும். அந்த அக்கறைக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்குத் தொகை மிஞ்சினால்தான் அபராதம். சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-ல் இந்தத் தளர்வை ஏற்க மறுத்து, பழைய டன்லப் சோதனையோடு நின்றுவிட்டது. ஆகவே “ஆங்கிலச் சட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்” என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இந்திய வழி வேறு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, எல்.டி.யா அபராதமா என்ற பிரிவினையையே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எழுதிய தொகை எதுவானாலும் அது உச்சவரம்பு. அதற்குள் “நியாயமான இழப்பீடு” எவ்வளவோ அதை நீதிமன்றம் தரும். மலேசியச் சட்டத்தில் இதே போன்ற விதி 75-ஆம் பிரிவில் இருக்கிறது. பிரான்ஸ் போன்ற சிவில் சட்ட நாடுகளில் அபராத ஷரத்து தன்னளவில் செல்லும். தொகை அப்பட்டமாக மிகையானால் நீதிபதி குறைக்கலாம்.

74-ஆம் பிரிவில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. “உண்மை நஷ்டம் நிரூபிக்கப்பட்டாலும் படாவிட்டாலும்” இழப்பீடு உண்டு என்கிறது சட்டம். அப்படியானால் எதையும் காட்டவேண்டாமா? மூன்று தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால்தான் இது பிடிபடும்.

1969-ல் மௌலா பக்ஷ் வழக்கு. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் கோழி, முட்டை, மீனும் சப்ளை செய்ய ஒப்பந்தம் எடுத்தவர் அடிக்கடி தவறினார். அரசு ஒப்பந்தங்களை ரத்து செய்து, அவர் கட்டியிருந்த 10,000 ரூபாய், 8,500 ரூபாய் டெபாசிட்டுகளை எடுத்துக்கொண்டது. அவர் தராத சரக்கை வேறிடத்தில் என்ன விலைக்கு வாங்கினோம் என்று அரசு எளிதாகக் காட்டியிருக்கலாம், ஆனால் காட்டவில்லை. நிரூபிக்கக்கூடிய நஷ்டத்தை நிரூபிக்காமல் டெபாசிட்டை வைத்துக்கொள்ள முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

2003-ல் ஓ.என்.ஜி.சி. எதிர் சா பைப்ஸ். எண்ணெய்க் கிணற்றுக்கான குழாய்கள் தாமதமாக வந்தன. ஐரோப்பிய எஃகு ஆலைகளின் வேலைநிறுத்தத்தால் மூலப்பொருள் வரவில்லை என்றார் சப்ளையர். ஷரத்தில் இருந்தது வாரத்துக்கு 1 சதவீதம், உச்சவரம்பு 10 சதவீதம். நஷ்டத்தை நிரூபிக்கவில்லை என்று நடுவர் தீர்ப்பாயம் பிடித்தத்தை மறுத்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. குழாய் தாமதத்தால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்கிடுவது கடினம். அப்படிப்பட்ட இடத்தில் இருவரும் சேர்ந்து போட்ட மதிப்பீடு நியாயமானதாக இருந்தால் அதுவே போதும். நியாயமற்றது என்பவர்தான் அதைக் காட்டவேண்டும்.

2015-ல் கைலாஷ்நாத் வழக்கு சப்ளை பற்றியதல்ல, நில ஏலம் பற்றியது. ஆனால் சொன்ன விதி எல்லா ஒப்பந்தத்துக்கும் பொருந்தும். நிலத்தை மறுபடி பல மடங்கு கூடுதல் விலைக்கு விற்ற அமைப்பு, முதல் ஏலதாரரின் முன்பணத்தையும் வைத்துக்கொள்ளப் பார்த்தது. நஷ்டமே இல்லையென்றால் 74-ஆம் பிரிவில் எதுவும் கிடைக்காது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மூன்றையும் சேர்த்தால் கிடைப்பது இதுதான்: நஷ்டம் இருக்கவேண்டும். எளிதாக நிரூபிக்க முடிகிற நஷ்டம் என்றால் நிரூபிக்க வேண்டும். முடியாத வகை என்றால், நியாயமாகப் போட்ட எல்.டி. தொகை அந்த இடத்தை நிரப்பும்.

அடுத்து, நஷ்டக் கணக்கை ஒரு தாளில் போடுங்கள்

எந்தச் சட்டமானாலும் இந்தத் தாள் உதவும். என்னைக் கேட்டால், ஷரத்தின் வாசகத்தை விட இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

ஒரு கற்பனை உதாரணம் எடுப்போம். நீங்கள் பம்ப் தயாரிக்கிறீர்கள். 40 மோட்டார்களுக்கு ஆர்டர் தருகிறீர்கள், ஒன்று 50,000, மொத்தம் 20,00,000. நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். ஒரு மோட்டார் ஒரு வாரம் தாமதமானால் உங்களுக்கு என்ன ஆகும்? மற்ற பாகங்கள் பொருத்திய பம்ப் ஒன்று மோட்டார் இல்லாமல் ஸ்டோரில் நிற்கும். அதில் முடங்கிய பணம் 35,000. ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்கு வாங்கிய பணம் என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 80. இட வாடகை, கையாளும் செலவு 70. அந்தப் பம்பை வாங்கக் காத்திருக்கும் உங்கள் வாடிக்கையாளர் தன் ஒப்பந்தப்படி உங்களிடம் வாரத்துக்கு 400 பிடிப்பார். மொத்தம் 550.

மோட்டார் விலையில் இது 1.1 சதவீதம். ஷரத்தில் 1 சதவீதம், அதாவது மோட்டாருக்கு வாரம் 500 என்று போடுகிறீர்கள். கணக்குக்குச் சற்றுக் கீழே நிற்பது நல்லது. நீதிமன்றத்தில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. இப்போது அந்த 1 சதவீதத்துக்குப் பிறப்பிடம் இருக்கிறது. தாளில் தேதி போட்டு, யார் கணக்கிட்டது என்று எழுதி, ஒப்பந்தக் கோப்பிலேயே வையுங்கள். முடிந்தால் பேச்சுவார்த்தையின்போது மின்னஞ்சலில் சப்ளையருக்கும் அனுப்புங்கள். அதிலும் அந்த 400 முக்கியம். வாடிக்கையாளர் பிடிப்பது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான விஷயம். இப்படி ஒன்று இருப்பதே சப்ளையருக்குத் தெரியாது என்றால், அந்த நஷ்டத்தை அவர் தலையில் வைப்பதற்கு எதிராக வலுவான வாதம் எழும். கையெழுத்துக்கு முன்பே தெரிவித்துவிட்டால் அந்த வாதம் நிற்காது.

சண்டை வந்தபிறகு இந்தத் தாளைத் தயாரிக்காதீர்கள். பின்தேதியிட்ட கணக்கை எதிர்த்தரப்பு வக்கீல் எளிதில் கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் மற்ற ஆவணங்களின் மேலும் சந்தேகம் விழும்.

எதன் மேல் 1 சதவீதம் என்று தெளிவாக எழுதுங்கள்

சப்ளையர் 30 மோட்டார்களை நேரத்துக்குத் தந்துவிட்டு, மீதி 10-ஐ மூன்று வாரம் தாமதமாகத் தருகிறார். ஷரத்து “மொத்த ஆர்டர் மதிப்பில் 1 சதவீதம்” என்றால் பிடித்தம் 60,000. “தாமதமான சரக்கின் மதிப்பில் 1 சதவீதம்” என்றால் 15,000.

இதில் எது சரி என்பது சரக்கைப் பொறுத்தது. ஒரு மோட்டார் ஒரு பம்ப் என்பதால், வந்த 30-ஐ நீங்கள் பயன்படுத்திவிட்டீர்கள். அவற்றால் உங்களுக்கு நஷ்டமில்லை. 60,000 பிடித்தால் உங்கள் சொந்தத் தாளே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும், ஏனென்றால் அதன்படி பத்து மோட்டாருக்கு மூன்று வார நஷ்டம் 16,500-தான். அதே சமயம், ஒரு இயந்திரத்தின் பத்துப் பாகங்களில் ஒன்று வராவிட்டால் மொத்தமும் ஓடாது என்றால், மொத்த மதிப்பின் மேல் போடுவதற்கு நியாயம் உண்டு. அந்தக் காரணத்தை ஷரத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

உச்சவரம்பும் இதே கணக்கிலிருந்து வரவேண்டும். 10 சதவீதம் என்றால் பத்து வாரம். அதற்குள் வேறு சப்ளையரிடமிருந்து வாங்கிவிட முடியுமா? முடியும் என்றால் அந்த வரம்பு பொருத்தமானது. பத்து வாரம் கடந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையையும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் வரம்பு தொட்டபிறகு சப்ளையருக்கு அவசரமே இருக்காது.

எல்.டி. உங்களையும் கட்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தாமதத்தால் உண்மையில் 40,000 நஷ்டம் வந்தாலும், ஷரத்துப்படி 15,000 என்றால் அந்தத் தாமதத்துக்கு 15,000-தான். சப்ளையர்கள் எல்.டி.க்கு ஒப்புக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். தங்கள் பொறுப்பு எதுவரை என்று அவர்களுக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒரே தொகையில் எல்லாத் தவறையும் அடைக்காதீர்கள்

“ஒப்பந்தத்தின் எந்த நிபந்தனையை மீறினாலும் 10 சதவீதம்” என்ற வாசகம் நிறைய ஆர்டர்களில் இருக்கிறது. எங்கள் உதாரணத்தில் அது 2,00,000. டெஸ்ட் சான்றிதழ் இரண்டு நாள் பிந்தினாலும் 2,00,000, நாற்பது மோட்டாரும் வராவிட்டாலும் 2,00,000. சிறிய தவறுக்கும் பெரிய தவறுக்கும் ஒரே தொகை என்றால் அது அபராதம் என்று அனுமானிக்கலாம் என்பது டன்லப் வழக்கிலேயே சொன்ன அடையாளம். இங்கிலாந்து வழியில் இது விழுவதற்கே வாய்ப்பு அதிகம். இந்திய வழியில் விழாது, ஆனால் வெறும் உச்சவரம்பாகச் சுருங்கும். உள்ளே எவ்வளவு என்று நீங்கள்தான் காட்டவேண்டியிருக்கும்.

தாமதத்துக்குத் தனி ஷரத்து, தரக் குறைவுக்குத் தனி, ஆவணத் தாமதத்துக்கு வேண்டுமானால் தனியாக ஒரு சிறு தொகை. அவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் தாமதத்துக்கு மட்டும் எல்.டி. போட்டு, மற்றவற்றைச் சாதாரண இழப்பீட்டுக்கு விட்டுவிடலாம்.

உங்களால் வந்த தாமதத்துக்கு ஒரு வழி வையுங்கள்

மோட்டாரின் வரைபடத்துக்கு நீங்கள் ஒப்புதல் தரவேண்டும், இரண்டு வாரம் தாமதமாகத் தந்தீர்கள். அதற்கும் சேர்த்து எல்.டி. பிடிக்க முடியாது. அதோடு முடிந்தால் பரவாயில்லை. வாங்குபவரே தாமதத்துக்குக் காரணமாகி, அதற்குத் தேதியை நீட்டிக்கும் வழியும் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், ஆங்கிலச் சட்ட வழியில் பழைய கெடு தேதியே போய்விடக்கூடும். கெடு இல்லையென்றால் எதிலிருந்து வாரங்களை எண்ணுவது? எல்.டி. முழுதும் போய்விடும், சப்ளையர் நியாயமான காலத்துக்குள் தந்தால் போதும் என்றாகிவிடும். “வாங்குபவரால் ஏற்படும் தாமதத்துக்கு அத்தனை நாள் கெடு நீட்டிக்கப்படும்” என்ற ஒரு வரி இதைத் தடுக்கும். சப்ளையருக்குச் சாதகமாகத் தோன்றும் இந்த வரி, உண்மையில் வாங்குபவரைத்தான் காப்பாற்றுகிறது.

தாமதம் வந்துவிட்டால்

கெடு தாண்டிய அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். சப்ளையர் அவகாசம் கேட்டால், “அவகாசம் தருகிறோம், எல்.டி. உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை” என்று அதே கடிதத்தில் எழுதுங்கள். சா பைப்ஸ் வழக்கில் ஓ.என்.ஜி.சி. இப்படித்தான் செய்தது, கூடுதல் அவகாசம் தந்த கடிதத்திலேயே எல்.டி. தொகை பிடிக்கப்படும் என்று சொல்லியிருந்தது. இந்தியச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு இதை இன்னும் கடுமையாக வைத்திருக்கிறது. காலமே முக்கியம் என்றுள்ள ஒப்பந்தத்தில், தாமதமான சரக்கை ஏற்றுக்கொள்ளும் நேரத்தில் இழப்பீடு கேட்பேன் என்று அறிவிக்காவிட்டால், அப்புறம் தாமதத்துக்கான இழப்பீட்டைக் கேட்க முடியாது. ஸ்டோரில் சரக்கை இறக்குபவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. ஆகவே சரக்கு ரசீதிலேயே “எல்.டி. உரிமைக்கு உட்பட்டு ஏற்கப்படுகிறது” என்று அச்சடித்து வைப்பதும், வண்டி வரும் முன்பே மின்னஞ்சல் அனுப்புவதும் பாதுகாப்பு.

பில்லில் கழிப்பதற்கும் ஒப்பந்தத்தில் தனி அனுமதி இருக்கட்டும். இருந்தாலும், தாமதம் யார் தவறு என்பதில் தகராறு வந்தால் அதை இறுதியாகத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல, நீதிமன்றமோ நடுவரோதான்.

இனி நம் பத்து மோட்டார்களுக்கு வருவோம். 15,000 பிடித்தீர்கள். சப்ளையர் வழக்குப் போட்டார். விசாரணையில் ஒரு செய்தி வெளிவருகிறது: உங்கள் வாடிக்கையாளரின் தளமே தயாராகவில்லை, அதனால் அவர் உங்களிடம் எதுவும் பிடிக்கவில்லை. உங்கள் உண்மை நஷ்டம் வட்டியும் வாடகையும் மட்டும். வாரத்துக்கு 150, பத்து மோட்டார், மூன்று வாரம்: 4,500.

டன்லப் வழியில் இது 15,000-ஐத் தொடாது. கையெழுத்திட்ட நாளில் மதிப்பீடு நியாயமாக இருந்ததா என்பதுதான் கேள்வி, தாள் அதற்குப் பதில் சொல்கிறது. இந்தியாவில் வழக்கு திறந்திருக்கிறது. சப்ளையர் கைலாஷ்நாத்தையும் மௌலா பக்ஷையும் காட்டி, நஷ்டம் எளிதாகக் கணக்கிடக்கூடியது, அது 4,500-தான் என்பார். நீங்கள் சா பைப்ஸைக் காட்டி, மதிப்பீடு இருவரும் ஒப்புக்கொண்டது, நியாயமானது என்பீர்கள். இங்கே நிலைமை சப்ளையருக்குக் கொஞ்சம் சாதகம் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் கணக்கின் பெரும்பகுதியான அந்த 400 நடக்கவே இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் 15,000-க்காக வருடக்கணக்கில் அலைவதை விட, வட்டி, வாடகை கணக்கைக் காட்டி நடுவில் ஒரு தொகைக்குப் பேசி முடிப்பது புத்திசாலித்தனம். வாடிக்கையாளர் உண்மையிலேயே 400 பிடித்திருந்தால், அவர் அனுப்பிய பிடித்தக் கணக்கைக் கோப்பில் சேர்த்துவிட்டு 15,000-ல் உறுதியாக நிற்கலாம்.